குறிகாட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை: சந்தைத் தரவில் இயந்திரக் கற்றலின் எல்லை

நிஃப்டி 50 குறியீட்டின் தினசரி மாற்றத்துக்கான திட்ட விலக்கம் சாதாரண காலத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடு. நீண்டகாலச் சராசரி ஈட்டத்தை நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டின் 250 வணிக நாள்களை எடுத்தால், அந்தச் சராசரியின் திட்டப்பிழை 0.063 விழுக்காடு. அளக்க வந்ததைவிட அளவையின் பிழை பெரிது. சந்தையின் போக்கு ஏறுமுகமா என்ற எளிய கேள்விக்கே ஓராண்டுத் தரவால் விடை சொல்ல இயலாது. இந்தத் தரவைக் கொண்டு நாளைய மாற்றத்தைக் கணிக்கும்படி இயந்திரத்தைக் கேட்கிறோம். அது தடுமாறினால் இன்னும் பத்துக் குறிகாட்டிகளைச் சேர்ப்பதே வழக்கமான வைத்தியம். அந்த வைத்தியமே நோயைக் கூட்டுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்தாண்டுத் தினசரித் தரவு என்றால் 1,250 வரிசைகள். நாளைய மாற்றத்தில் 0.5 விழுக்காட்டை விளக்கவல்ல உண்மையான குறிகாட்டி ஒன்று நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். சந்தையைப் பொறுத்தவரை இது நல்ல குறிகாட்டிதான். அதன் ஒட்டுறவு 0.07, திசையை 100க்கு 52 முறை சரியாகச் சொல்லும். இதோடு, எந்தப் பொருளும் இல்லாத 99 எண் நெடுவரிசைகளைச் சேர்த்து நேரியல் மாதிரி ஒன்றைப் பொருத்தினால் என்ன ஆகும்? வெற்று இரைச்சலை மட்டும் கொண்ட p நெடுவரிசைகள் n வரிசைகளில் காட்டும் R²இன் எதிர்பார்ப்பு p/(n−1). ஆகவே பயிற்சித் தரவில் இரைச்சல் மட்டுமே ஏறத்தாழ 8 விழுக்காட்டை ‘விளக்கிவிடும்’. உண்மை அதில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்குதான். புதிய தரவுக்குப் போகும்போது அதே 8 விழுக்காடு பிழையாகத் திரும்புகிறது. அப்போது மாதிரியின் கணிப்பு வெறும் சராசரியைச் சொல்வதைவிட மோசமாகிவிடும்.

சேர்க்கும் ஒவ்வொரு குறிகாட்டியும் 1/n, அதாவது 0.08 விழுக்காடு, நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதே இதன் பொருள். கணிக்கத்தக்க பங்கு மொத்தமும் 0.5 விழுக்காடுதான் என்றால், அதை ஆறு குறிகாட்டிகள் சமமாகப் பங்கிட்டுக்கொண்டாலும் கட்டணம் போக மிச்சம் ஏறக்குறைய ஏதும் இல்லை.

இதில் போலிப் பெருக்கம் வேறு. ஸ்டோகாஸ்டிக், வில்லியம்ஸ் இரண்டையும் ஒரே கால அளவில் எடுத்தால் %R = %K − 100. பெயர் இரண்டு, தகவல் ஒன்று. எம்.ஏ.சி.டி. என்பதும் 12 நாள், 26 நாள் அடுக்குச் சராசரிகளின் வித்தியாசம்தான். அந்த இரு சராசரிகளோடு அதையும் சேர்த்துக் கொடுப்பவர் புதிதாக எதையும் கொடுப்பதில்லை.

நூறையும் கொடுத்துச் சிறந்த ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 1,250 நாள்களில் வெற்று இரைச்சலின் ஒட்டுறவு 0.028 என்ற திட்ட விலக்கத்தோடு பூஜ்யத்தைச் சுற்றிச் சிதறும். குறியைப் பாராமல் நூறில் மிகப் பெரியதைப் பொறுக்கினால் அது சராசரியாக 0.08ஐ நெருங்கும். நம் உண்மையான குறிகாட்டியின் 0.07 அதற்குக் கீழே நிற்கிறது! டேவிட் ஃப்ரீட்மன் 1983இல் இதைச் சோதனையாகவே செய்து காட்டினார். 100 வரிசைகளிலும் 50 மாறிகளிலும் வெறும் தற்செயல் எண்களை நிரப்பி, ஓரளவு தேறியவற்றை மட்டும் வைத்து மறுபடி பொருத்தினார். இரண்டாம் சுற்றில் பல மாறிகள் புள்ளியியல் முக்கியத்துவம் உள்ளவையாகத் தோன்றின. பொறுக்கும்போதே கட்டணம் செலவாகிவிட்டது, கணக்கில்தான் ஏறவில்லை.

பழைய தரவை நீட்டி n-ஐப் பெருக்கலாம் என்பது நியாயமான யோசனை. ஆனால் சந்தை அப்படியே இருப்பதில்லை. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஏறத்தாழ 13 விழுக்காடு சரிந்தது. வர்க்கப் பிழையைக் குறைக்கும் மாதிரிக்கு, 1 விழுக்காடு நகரும் நாள்கள் 169க்கு அந்த ஒரு நாள் சமம். அன்றைக்கு எந்தக் குறிகாட்டி தற்செயலாகப் பொருந்தியதோ, அதற்கு மாதிரி வாழ்நாள் மரியாதை தந்துவிடும்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பும் உண்டு. கூ, கெல்லி, ஷியூ மூவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, 900க்கும் மேற்பட்ட உள்ளீடுகளோடு அமெரிக்கப் பங்குகளைக் கணித்து வெற்றி கண்டது. ஆனால் அவர்கள் கையில் ஏறத்தாழ 30,000 பங்குகளின் அறுபதாண்டுத் தரவு இருந்தது. குணகங்களைச் சுருக்கும் கட்டுப்பாடும் இருந்தது. அவ்வளவுக்கும் பிறகு, தனிப்பங்குகளின் மாத ஈட்டத்தில் கிடைத்த R² சுமார் 0.4 விழுக்காடு. ஒரே குறியீட்டின் ஐந்தாண்டு விலையை வைத்துக்கொண்டு அந்த ஆய்வைத் துணைக்கு அழைப்பது பொருந்தாது.

ஐயம் தீர ஒரு சோதனை உண்டு. கணிக்க வேண்டிய மாற்றங்களின் வரிசையைக் குலுக்கிக் கலைத்துவிட்டு, குறிகாட்டித் தேர்வு உட்பட எல்லாப் படிகளையும் முதலிலிருந்து பலமுறை ஓட்ட வேண்டும். கலைத்த தரவிலும் அடிக்கடி அதே அளவு R² வந்தால், முதலில் கிடைத்தது இரைச்சலே. பெய்லியும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் காட்டியபடி, ஐந்தாண்டுத் தரவில் 45க்கு மேற்பட்ட சார்பற்ற உத்திகளை முயன்றாலே, வெற்று உத்தி ஒன்று 1 என்ற ஷார்ப் விகிதத்தோடு வந்து நிற்பது ஏறக்குறைய நிச்சயம். எத்தனை உத்திகளை முயன்று பார்த்தோம் என்பதைச் சொல்லாத ஆய்வின் துல்லிய எண்ணை ஏற்க வேண்டியதில்லை.