கேள்விக்கு முன் வர வேண்டியது: தகவல் இடைவெளிக் கொள்கையும் சூழல்சார் ஆர்வமும்

சூழல்சார் ஆர்வத்தை வகுப்பறையில் எழுப்புவது குறித்த பரிந்துரைகள் பலவும் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994இல் முன்வைத்த தகவல் இடைவெளிக் கொள்கையைத் துணைக்கு அழைக்கின்றன. ஆனால் அவற்றில் அக்கொள்கை ஒரே அறிவுரையாகச் சுருங்கிவிடுகிறது: பாடத்தை ஒரு புதிரான கேள்வியோடு தொடங்கினால் போதும், விடை தெரியாத மாணவர் ஆவல் கொள்வர். இந்த வாசிப்பு மூலக் கட்டுரையின் பாதியை விட்டுவிடுகிறது. சலிப்பூட்டும் பாடத்துக்கு உதவுவது விடுபட்ட அந்தப் பாதிதான்.

அறியாமை தானாக ஆவலைத் தருவதாக லோவன்ஸ்டைன் எங்கும் சொல்லவில்லை. தெரிந்தவற்றின் நடுவே தெரியாத ஒன்று குறையாகப் புலப்படும்போதுதான் ஆவல் பிறக்கிறது என்பதே அவர் வாதம். அமெரிக்காவின் 50 மாநிலங்களில் மூன்றின் தலைநகரங்களை மட்டும் அறிந்தவர், மூன்று தெரியும் என்றே தம் நிலையை எண்ணுவார். 47 அறிந்தவரோ எஞ்சிய மூன்றையே நினைத்துக்கொண்டிருப்பார். கணினித் திரையில் மூடிய கட்டங்களை வைத்து அவர் விவரிக்கும் சோதனையும் இதையே காட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்தின் பின்னும் வெவ்வேறு விலங்கு இருந்தபோது பங்கேற்றோர் சிலவற்றைத் திறந்ததோடு நின்றனர். எல்லாக் கட்டங்களும் சேர்ந்து ஒரே விலங்கின் படமாக அமைந்தபோது மேலும் மேலும் திறந்தனர். காங்கும் பிறரும் 2009இல் வெளியிட்ட பொது அறிவு வினா ஆய்வும் இதற்கு இசைகிறது. விடை முற்றிலும் தெரியாத வினாக்களிலும் உறுதியாகத் தெரிந்த வினாக்களிலும் ஆவல் குறைவாகவும், ஓரளவு தெரிந்தவற்றில் மிகுதியாகவும் இருந்தது. வினாவிடையில் கிடைத்த முடிவை வகுப்பறைக்கு அப்படியே நீட்டுவதில் எச்சரிக்கை தேவை. எனினும் திசை ஒன்றே: கேள்விக்கு முன் அறிவு வர வேண்டும்.

தமிழ் இலக்கண வகுப்பில் 'வல்லினம் மிகும், மிகா இடங்கள்' என்ற பகுதியை எடுத்துக்கொள்ளலாம். 'ஒற்று ஏன் மிகுகிறது?' என்று தொடங்கும் ஆசிரியருக்குக் கிடைப்பது மௌனம், ஏனெனில் எது குறைகிறது என்று மாணவருக்குத் தெரியாது. மாறாக, 'படித்துப் பார்த்தான்', 'கேட்டுப் பார்த்தான்', 'நினைத்துப் பார்த்தான்' என மூன்றைக் கரும்பலகையில் எழுதி, விதியை மாணவரையே சொல்லச் செய்யலாம். உகரத்தில் முடியும் வினையெச்சத்தின் பின் ஒற்று வரும் என்று அவர்கள் எளிதில் சொல்வர். அடுத்து 'நடந்து', 'செய்து', 'அழுது' ஆகியவற்றோடு 'பார்த்தான்' என்பதைச் சேர்த்து எழுதச் சொல்லி, ஒவ்வொருவர் ஊகமும் ஏட்டில் பதிந்த பிறகே சரியான வடிவத்தைக் காட்ட வேண்டும். மூன்றிலும் ஒற்று இல்லை. தாமே அமைத்த விதி தம் கண்முன் முறியும் அந்த இடத்தில்தான் கேள்விக்கு உயிர் வருகிறது. ஈற்று உகரம் ஏறிய மெய்க்கு முன் என்ன எழுத்து நிற்கிறது என்று பார்க்கச் சொன்னால் போதும்: முதல் மூன்றில் வல்லின மெய், பின்னவற்றில் முறையே மெல்லின மெய், இடையின மெய், உயிர்மெய். வன்தொடர்க் குற்றியலுகரம் என்ற பெயர் இதன் பின் வரலாம். பாடநூல்கள் பெரும்பாலும் பெயரை முன்வைத்துத் தொடங்குவது வருந்தத்தக்கது.

இடைவெளி சரியான அளவில் அமைந்ததா என்பதை ஏட்டில் பதிந்த ஊகங்களே காட்டும். எல்லாரும் சரியாக எழுதியிருந்தால் இடைவெளியே இல்லை. ஊகங்கள் எந்த ஒழுங்குமின்றிச் சிதறியிருந்தால் வல்லினம், மெல்லினம் என்ற முன்னறிவே இல்லை. அங்கே புதிரை நீட்டுவது வீண். பெரும்பாலோர் ஒரே தவற்றைச் செய்திருப்பதே விரும்பத்தக்க நிலை.

சுவையான கதையோ சிரிப்பூட்டும் பெயர்ப்பலகைப் பிழையோ இதைவிட எளிதாகக் கவனத்தை ஈர்க்குமே என்பர். ஈர்க்கும், ஆனால் எதன்மேல் என்பதே கேள்வி. மின்னல் உருவாகும் விதம் பற்றிய பாடப்பகுதியில் மின்னல் தாக்கியவர் பற்றிய சுவையான செய்திகளைச் சேர்த்து ஹார்ப், மேயர் இருவரும் 1998இல் நடத்திய ஆய்வில், காரணத் தொடரை நினைவுகூர்வது குறைந்தது. அச்செய்திகள் தொடக்கத்தில் நின்றபோது கேடு மிகுதி; இறுதிக்கு நகர்த்தியபோது குறைவு. பாடத்தின் பயனை எடுத்துரைத்தால் போதும் என்ற வாதம் இங்குப் பொருந்தாது: பயன் நீண்டகால ஆர்வத்துக்கு உதவலாம், இன்றைய அரைமணி நேரக் கவனத்துக்கு அன்று.

விடை கிடைத்ததும் ஆர்வம் தணிவது முறையின் தோல்வி என்று கொள்வதும் சரியன்று. ராட்கன்ஸ், ஷ்மிட் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிக்கல் முன்வைக்கப்பட்டதும் எழும் சூழல்சார் ஆர்வம், அறிவு கூடும்போது இறங்குகிறது. இடைவெளி அடைபடுவதன் விளைவு அது. ஆகவே அடுத்த இடைவெளியை ஆசிரியர் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். மேற்கண்ட வகுப்பில் அது 'எழுதிப் பார்த்தான்' என்பதாக இருக்கலாம்: அங்கே உகரமே இல்லை, ஒற்று மட்டும் மிகுந்திருக்கிறது.