சர்வர் மறந்துவிடும்: குக்கி பிறந்த கதை

1994-இன் நடுவில், அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான எம்.சி.ஐ. இணையத்தில் ஒரு கடை திறக்க நினைத்தது. அதற்கான மென்பொருளை எழுதும் வேலை, தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த நெட்ஸ்கேப் நிறுவனத்துக்கு வந்தது. எம்.சி.ஐ. சார்பில் பேசியவர்களில் ஒருவர் விண்ட் செர்ஃப். இணையத்தின் அடித்தளமான டி.சி.பி./ஐ.பி. நெறிமுறையை வகுத்த இருவரில் ஒருவர் அவர். எம்.சி.ஐ. ஒரு நிபந்தனை போட்டது. வாடிக்கையாளர் நான்கு பொருளை எடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் போய்விடுவார். அந்த அரைகுறைக் கணக்கையெல்லாம் எங்கள் சர்வரில் சுமக்க மாட்டோம், அவரவர் கம்ப்யூட்டரிலேயே கிடக்கட்டும் என்றது.

இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கோரிக்கைக்கு அன்றைக்கு வழியே இல்லை. வலையின் மொழியான எச்.டி.டி.பி.யை டிம் பெர்னர்ஸ் லீ வகுத்தது ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், விஞ்ஞானிகள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதற்காக. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், சர்வர் கொடுக்கும், இணைப்பு அறுந்துவிடும். அடுத்த நொடியே அதே ஆள் இன்னொரு பக்கம் கேட்டாலும் சர்வருக்கு அவர் புது ஆள்தான். ஆய்வுக் கட்டுரை படிப்பவருக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. சர்வருக்கோ லாபம், யாரையும் நினைவில் வைக்காததால் அது நிறையப் பேருக்குப் பதில் சொல்ல முடிந்தது. கடைக்கு மட்டும் இந்த மறதி ஆகாது. முதல் பக்கத்தில் எடுத்த சட்டை இரண்டாம் பக்கத்துக்குப் போவதற்குள் தொலைந்துவிடும்.

ஐ.பி. முகவரியை வைத்து ஆளை அடையாளம் காணலாமே என்றால், ஓர் அலுவலகம் முழுவதும் ஒரே முகவரியில் வெளியே வரும். வீட்டுத் தொலைபேசி வழியாக இணைபவருக்கோ ஒவ்வொரு முறையும் வேறு முகவரி வாய்க்கும். ஒவ்வோர் இணைப்பின் முகவரியிலும் ஓர் எண்ணை ஒட்டி அனுப்பும் தந்திரமும் உண்டு. அந்த முகவரியை நண்பருக்கு அனுப்பினால் நம் கூடையும் கூடவே போய்விடும்.

நெட்ஸ்கேப்பில் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டவர் லூ மோன்டுல்லி. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது லிங்ஸ் என்ற, எழுத்துகளை மட்டும் காட்டும் பிரவுசரை உருவாக்கியவர்களில் ஒருவர். ஒவ்வொரு பிரவுசருக்கும் நிரந்தரமாக ஓர் எண் கொடுத்து, போகும் தளத்திலெல்லாம் அதைச் சொல்ல வைப்பதுதான் சுலபமான தீர்வாக இருந்தது. மோன்டுல்லி அதை ஒதுக்கினார். எல்லாத் தளங்களுக்கும் ஒரே எண் தெரிந்தால், தளங்கள் கூடிப் பேசி ஒருவரின் நடமாட்டத்தையே வரைந்துவிடலாம். அவர் தேர்ந்தெடுத்த வழியில், தளம் ஒரு சிறு எழுத்துத் துணுக்கைக் கொடுக்கும். பிரவுசர் அதைப் பத்திரப்படுத்தி, கொடுத்த தளத்துக்கு மட்டுமே திருப்பிக் காட்டும். யூனிக்ஸ் புரோகிராமர்கள் இத்தகைய துணுக்கை ஏற்கெனவே மேஜிக் குக்கி என்று அழைத்து வந்தார்கள், அந்தப் பெயரே நிலைத்தது. 1994 அக்டோபரில் வெளிவந்த நெட்ஸ்கேப்பின் சோதனைப் பதிப்பிலேயே குக்கி இருந்தது. முதலில் பயன்பட்டது கடைக்கு அல்ல. நெட்ஸ்கேப் தளத்துக்கு வருபவர் முன்பே வந்தவரா என்று பார்க்கத்தான்.

நெட்ஸ்கேப் வெளியிட்ட விளக்கக் குறிப்பில் ஓர் உதாரணம் இருந்தது. கார்ட்டூனில் ஓயாமல் பறவையைத் துரத்தும் அந்தப் பிராணிதான் வாடிக்கையாளர்:

```
Set-Cookie: CUSTOMER=WILE_E_COYOTE; path=/; expires=Wednesday, 09-Nov-99 23:12:40 GMT
```

சர்வர் தன் பதிலின் தலைப்பில் இதை அனுப்புகிறது. அதன்பின் அந்தத் தளத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையிலும் `Cookie: CUSTOMER=WILE_E_COYOTE` என்ற வரியைப் பிரவுசர் தானாகவே சேர்த்துவிடும். எம்.சி.ஐ. கேட்டது இதைத்தான். வாடிக்கையாளரின் விவரம் அவர் கம்ப்யூட்டரில் இருக்கிறது, சர்வர் எதையும் சுமக்கவில்லை.

கூடைக்கு இது போதும், லாகினுக்குப் போதாது. குக்கி இருப்பது பயனாளரின் கையில், அவர் நினைத்தால் திருத்தலாம். CUSTOMER என்ற இடத்தில் வேறொருவர் பெயரை எழுதி அனுப்பினால், அப்பாவிச் சர்வர் அவரையே வரவேற்கும். அளவும் சிறியது, ஒரு குக்கிக்கு 4 கிலோபைட், ஒரு தளத்துக்கு 20 குக்கி என்பதே அந்தக் குறிப்பு எதிர்பார்த்த அளவு.

ஆகவே புரோகிராமர்கள் விவரத்தைச் சர்வருக்கே திருப்பி எடுத்துப்போனார்கள். குக்கியில் அர்த்தமில்லாத ஒரு நீண்ட எண் மட்டும் மிஞ்சியது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் செஷன் என்று பெயர். 2000-இல் வந்த பி.எச்.பி. 4 இதை மொழிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. பாஸ்வேர்டு சரியாக இருந்தால் சர்வர் 'இவர் 4182-ஆம் பயனாளர்' என்று ஒரு கோப்பில் எழுதிக்கொள்கிறது, அந்தக் கோப்பின் எண்ணை PHPSESSID என்ற குக்கியாக அனுப்புகிறது. அடுத்த கோரிக்கையில் எண் வந்ததும் கோப்பைத் திறந்து ஆளைத் தெரிந்துகொள்கிறது. பாஸ்வேர்டு மறுபடி பயணம் செய்வதில்லை. 1440 நொடி, அதாவது 24 நிமிடம், யாரும் தொடாத கோப்பை அழித்துவிடலாம் என்பது பி.எச்.பி.யின் வழக்கமான அமைப்பு.

குக்கி பிறந்ததே சர்வர் எதையும் நினைவில் வைக்கக் கூடாது என்பதற்காக. அது நிலைபெற்றதோ சர்வரின் நினைவுக்குச் சாவியாக. எம்.சி.ஐ. தட்டிக்கழித்த சுமை சர்வரிடமே திரும்பி வந்தது, அதன் தொல்லையும் சேர்ந்தே வந்தது. கூட்டம் பெருகித் தளத்தை இரண்டு சர்வர்களில் ஓட்டும்போது, செஷன் கோப்பு ஒன்றில் இருக்கும், அடுத்த கோரிக்கை மற்றதற்குப் போகும். பயனாளர் காரணமில்லாமல் வெளியே தள்ளப்படுவார். பக்கத்தைப் புதுப்பித்தால் திடீரென்று மீண்டும் உள்ளே இருப்பார். இப்படி வந்து வந்து போனால் பாஸ்வேர்டைச் சந்தேகிக்க வேண்டாம். செஷன்களை இரண்டு சர்வருக்கும் பொதுவான ஓர் இடத்தில் வைத்தால் தீரும்.

இன்னொரு ஆபத்து பெரியது. கோயில் வாசலில் செருப்பு வைப்பவர் டோக்கனைப் பார்ப்பாரே தவிர முகத்தைப் பார்ப்பதில்லை. செஷனும் அப்படித்தான், எண்ணைக் கொண்டுவந்தவரே உரியவர். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற புரோகிராமர் ஃபயர்ஷீப் என்ற பயர்பாக்ஸ் துணைநிரலை வெளியிட்டு இதை ஊரறியச் செய்தார். அன்று பல தளங்கள் லாகின் பக்கத்தை மட்டும் மறைகுறியாக்கம் செய்துவிட்டு, மற்றப் பக்கங்களை வெளிப்படையாக அனுப்பின. பாஸ்வேர்டு பத்திரமாகப் போனது, குக்கி காற்றில் அப்பட்டமாகப் போனது. காப்பிக்கடையின் திறந்த வைஃபையில் ஃபயர்ஷீப்பை ஓட்டினால் பக்கத்து மேசைக்காரர்களின் கணக்குகள் வரிசையாகத் திரையில் வரும். ஒன்றைச் சொடுக்கினால் அவராகவே உள்ளே போய்விடலாம். ஃபேஸ்புக் உட்படப் பல தளங்கள் எல்லாப் பக்கங்களையும் எச்.டி.டி.பி.எஸ்.க்கு மாற்றுவதில் இது பெரிய உந்துதலாக இருந்தது. இன்று ஒழுங்கான தளம் அனுப்பும் வரி இப்படி இருக்கும்:

```
Set-Cookie: PHPSESSID=q8v1t0c5hn3...; path=/; Secure; HttpOnly; SameSite=Lax
```

Secure என்றால் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் மட்டும் அனுப்பு என்று பொருள். HttpOnly, பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் குக்கியைப் படிக்க விடாது. SameSite=Lax, வேறொரு தளம் உங்கள் பிரவுசரைத் தூண்டி மறைவாக அனுப்பும் கோரிக்கைகளோடு குக்கி போகாமல் தடுக்கும். முதல் இரண்டும் இல்லாத தளத்தில் நான் பணம் கட்ட மாட்டேன். பிரவுசரில் F12 தட்டி, குரோமில் Application, பயர்பாக்ஸில் Storage என்ற பகுதியைத் திறந்தால் எல்லாக் குக்கிகளும் இந்தக் குறிகளோடு பட்டியலில் தெரியும்.

அடுத்தவர் கம்ப்யூட்டரில் லாகின் செய்தால் தாவலை மூடிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். குக்கி அங்கேயே இருக்கும், சர்வரில் செஷனும் உயிரோடு இருக்கும். லாக்அவுட்டைத் தட்டுங்கள், சர்வர் தன் பக்கத்துப் பதிவை அழித்துவிடும். மறந்து வந்துவிட்டால், வீட்டிலிருந்தே எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். பதிவு சர்வரில் இருப்பதால் அது எங்கிருந்தும் வேலை செய்யும்.