விமானப் பயணத்தில் லைட்டர், தீப்பெட்டி, புகையிலை, மது

செமினியிலிருந்து கேஎல்ஐஏ வழியாகச் சென்னைக்குச் செல்லும் பயணியை இருவகை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. ஒன்று விமானப் பாதுகாப்பு. மற்றொன்று சுங்க வரி.

அனைத்துலக விமானப் பாதுகாப்பு விதிப்படி, ஒருவர் ஒரு சாதாரண லைட்டரையோ ஒரு சிறு தீப்பெட்டியையோ சட்டைப்பையில் மட்டுமே கொண்டுசெல்லலாம். சரக்கறையில் தீப்பற்றினால் யாரும் எட்டி அணைக்க முடியாது என்பதால், பதிவுப் பெட்டியில் அவற்றுக்கு இடமில்லை. நீலச்சுடர் லைட்டரும் எங்கு உரசினாலும் பற்றும் தீக்குச்சியும் முற்றிலும் தடை. விமான நிலையத்தின் விதி இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம்.

மதுவில் ஆல்கஹால் 70 விழுக்காட்டைத் தாண்டினால் எந்தப் பையிலும் ஏற்ற முடியாது. 24 முதல் 70 விழுக்காடு வரையுள்ளதை, கடையில் வாங்கிய மூடிய புட்டியில், ஒருவர் 5 லிட்டர் வரை கொண்டுபோகலாம். கைப்பையில் 100 மில்லிலிட்டர் வரம்பு உண்டு. தீர்வையற்ற கடை முத்திரையிட்டுத் தரும் பைக்கு விலக்கு உண்டு. வழியில் விமானம் மாறுவோர் அந்த முத்திரையைப் பிரிக்கக்கூடாது.

சென்னையில் வரியின்றி 2 லிட்டர் மதுவும் 100 சிகரெட்டும் அனுமதி. ஒரு லிட்டர் விஸ்கிப் புட்டிகள் மூன்றை விமானம் ஏற்றிக்கொள்ளும். ஆனால் மூன்றாவதைச் சிவப்பு வழியில் அறிவித்து வரி கட்டவேண்டும். மின்சிகரெட்டை 2019 முதல் இந்தியா தடைசெய்துள்ளது. மலேசியா திரும்பும்போது மதுவுக்கான வரிவிலக்கு ஒரு லிட்டர் மட்டுமே. அதற்கும் 72 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்திருக்கவேண்டும்.