மாநில உள்நாட்டு உற்பத்தியும் தலா வருமானமும்

ஒரு நிதியாண்டில் ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் உற்பத்தியான பொருள்கள், சேவைகளின் மதிப்பிலிருந்து அவற்றுக்குச் செலவான இடுபொருள்களின் மதிப்பைக் கழித்தால் மதிப்புக்கூடுதல் கிடைக்கும். அதனுடன் பொருள்கள் மீதான வரிகளைச் சேர்த்து, மானியங்களைக் கழித்தால் வருவது மொத்த மாநில உள்நாட்டு உற்பத்தி. இயந்திரம், கட்டடம் முதலியவற்றின் தேய்மானத்தை இதிலிருந்து நீக்கினால் நிகர உற்பத்தி. அதை மக்கள்தொகையால் வகுத்துக் கிடைப்பதையே இந்தியாவில் மாநிலத்தின் தலா வருமானம் என்று வெளியிடுகிறார்கள். இந்த எண் மாநிலத்துக்குள் நடந்த உற்பத்தியைச் சொல்கிறது. அங்கு வாழ்பவர்கள் கையில் எவ்வளவு பணம் சேர்ந்தது என்பதைச் சொல்லவில்லை.

வரலாறு

இந்தியாவுக்கான முதல் கணக்கே மாகாணவாரியாகப் போடப்பட்டதுதான். தாதாபாய் நவ்ரோஜி 1867–70 காலத்து விளைச்சல் விவரங்களை மாகாணம் மாகாணமாகத் தொகுத்தார். தலைக்கு மதராஸில் 18 ரூபாய், பம்பாயில் 39, பஞ்சாபில் 49 என்று வந்தது. நாடு முழுவதற்கும் சேர்த்து அவர் சொன்ன 20 ரூபாய் என்ற எண் பரவலாக நினைவில் நிற்கிறது. மாகாணங்களுக்கிடையே இருந்த அந்தப் பெரிய இடைவெளியை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

விடுதலைக்குப் பின் 1949இல் மகலனோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழு அமைந்தது. காட்கிலும் வி.கே.ஆர்.வி. ராவும் அதன் உறுப்பினர்கள். 1951இல் மத்தியப் புள்ளியியல் அமைப்பு உருவானது. மாநிலங்கள் தங்கள் கணக்கைத் தாங்களே போடத் தொடங்கியபோது, எதை அளப்பது என்ற அடிப்படைக் கேள்வி எழுந்தது. மாநிலத்துக்குள் உருவாகும் வருமானத்தையா, மாநில மக்களைச் சென்று சேரும் வருமானத்தையா? 1972இல் அமைக்கப்பட்ட வட்டாரக் கணக்குகள் குழு இரண்டையும் ஆராய்ந்தது. மக்கள் நலனை அறிய இரண்டாவதே பொருத்தம். ஆனால் அதற்கு மாநிலங்களுக்கிடையே போய்வரும் சம்பளம், வட்டி, லாபம் அனைத்தும் தெரிய வேண்டும். மாநில எல்லையில் பணப் போக்குவரத்தைப் பதிவு செய்யும் ஏற்பாடு இல்லாததால், உள்ளே உருவாகும் வருமானமே கணக்கின் அடிப்படையாக நிலைத்தது. இன்றும் அதுதான் நிலை.

கணக்கிடும் முறை

தமிழ்நாட்டில் இந்தப் பணி பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையுடையது. நெல்லை எடுத்துக்கொள்வோம். எத்தனை ஏக்கரில் நடவு நடந்தது என்பது கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலிலிருந்து வருகிறது. விளைச்சலை அறியப் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்கிறார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த வயலில் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலமுள்ள துண்டைக் கயிறு கட்டி அளந்து, அதை மட்டும் தனியாக அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அதில் 12.5 கிலோ நெல் கிடைத்தால் ஹெக்டேருக்கு 5,000 கிலோ என்று கணக்கு. கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்த மதிப்பு 1 லட்சம். விதை, உரம், பூச்சிமருந்து, டீசல் என்று 30,000 ரூபாய் போனால் மதிப்புக்கூடுதல் 70,000. நடவுக்கும் களையெடுப்புக்கும் கொடுத்த கூலியைக் கழிப்பதில்லை. அது உழைத்தவரின் வருமானம் என்பதால் இந்த 70,000க்குள்ளேயே அடங்கும்.

நெல் எந்த மாவட்டத்தில் விளைந்தது என்பதில் குழப்பமில்லை. கம்பெனிகளில்தான் சிக்கல். 2011–12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு 2015இல் வெளியான வரிசையில், தனியார் கம்பெனிகளின் மதிப்புக்கூடுதல் அவை கம்பெனி விவகார அமைச்சகத்துக்குத் தரும் ஆண்டுக் கணக்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தக் கணக்கு கம்பெனி முழுவதற்கும் ஒன்றுதான். பதிவு அலுவலகம் மும்பையில் இருக்கும், தொழிற்சாலை ஓசூரில் இருக்கும். அதனால் அகில இந்தியத் தொகையை, ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ள பங்கின்படி பிரித்தார்கள். தலைமையகத்தில் நடக்கும் விற்பனை, வடிவமைப்பு வேலைகளின் மதிப்பும் இப்படித் தொழிற்சாலை இருக்கும் மாநிலங்களுக்குப் போய்விட்டது. ரயில்வே, வங்கி போன்று பல மாநிலங்களில் பரவியவற்றை மத்திய அமைப்பே பிரித்துக் கொடுக்கிறது.

கணக்கில் மிகவும் பலவீனமான இடம் பெட்டிக்கடை, தையற்கடை, பட்டறை போன்ற சிறு தொழில்கள். இவற்றுக்கு ஆண்டறிக்கை கிடையாது. 2010–11இல் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு மதிப்புக்கூடுதல் என்று கண்டு, தொழிலாளர் எண்ணிக்கையால் பெருக்கி, பிந்தைய ஆண்டுகளுக்கு வேறு குறியீடுகளைக் கொண்டு நீட்டித்தார்கள். அந்தக் குறியீடுகளில் சில, பதிவு பெற்ற பெரிய நிறுவனங்களின் போக்கைக் காட்டுபவை. 2016 பணமதிப்பிழப்பைப் போலச் சிறு தொழிலை மட்டும் அதிகம் அடிக்கும் நிகழ்வு வந்தால், இந்த முறையில் அது முழுதாகத் தெரியாது. வேறொரு மாதிரிக் கணக்கெடுப்பு வந்தால்தான் தெரியும்.

தலா வருமானம் ஏன் வேறுபடுகிறது

2011–12இல் பீகாரின் தலா வருமானம் சுமார் 21,750 ரூபாய், கோவாவில் 2.59 லட்சம். பாசனம், தொழில், கல்வி, நகரமயம் எல்லாவற்றிலும் உள்ள உண்மையான வேறுபாடு இதில் பெரும்பகுதி. மீதியில் அளவை முறையின் பங்கும் உண்டு.

சிக்கிம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 6.1 லட்சம். வரிச்சலுகையால் வந்த மருந்துத் தொழிற்சாலைகளும் தீஸ்தா ஆற்று நீர்மின் நிலையங்களும் மாநில உற்பத்தியைப் பலமடங்கு உயர்த்தின. அவற்றின் லாபம் பெரும்பாலும் வெளியூர் முதலாளிகளுக்குப் போகிறது. ஆனாலும் உற்பத்தி சிக்கிமில் நடப்பதால் 6 லட்சம் பேருக்கும் அது பங்கிடப்பட்டதுபோல் எண் காட்டுகிறது.

கேரளம் இதற்கு நேர்மாறு. வளைகுடாவிலிருந்து வீட்டுக்கு வரும் பணம் மாநில உற்பத்தியில் சேராது. 2011இல் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் ஆய்வு அதைச் சுமார் 50,000 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. மாநில நிகர உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. 2022–23இல் குஜராத்தின் தலா வருமானம் கேரளத்தைவிட அதிகம். அதே ஆண்டின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலோ, கேரளக் கிராமங்களில் ஒருவரின் மாதச் செலவு 5,924 ரூபாய், குஜராத் கிராமங்களில் 3,798. ஜாம்நகர் சுத்திகரிப்பு ஆலையின் லாபம் குஜராத்தின் கணக்கில் ஏறுகிறது, நாடெங்கும் உள்ள பங்குதாரர்களுக்குப் போகிறது.

வகுக்கும் எண்ணும் உறுதியானதல்ல. நிதியாண்டின் நடுப்புள்ளியான அக்டோபர் 1 அன்றைய மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். 2021 கணக்கெடுப்பு நடக்காததால் அது 2011இலிருந்து முன்கணித்த எண். திருப்பூருக்கு வந்து பனியன் தைக்கும் பீகார் இளைஞரின் உற்பத்தி தமிழ்நாட்டின் கணக்கில் சேருகிறது. 2011க்குப் பின் வந்தவர் என்றால், அவர் பீகாரின் மக்கள்தொகையிலேயே இன்னும் எண்ணப்படலாம். அப்போது தமிழ்நாட்டின் தலா வருமானம் சற்றுக் கூடியும், பீகாரின் எண் சற்றுக் குறைந்தும் தெரியும். மேலும் ஒரே 100 ரூபாய்க்குப் பாட்னாவிலும் சென்னையிலும் வாங்க முடிவது ஒன்றல்ல. இந்த விலை வேறுபாட்டுக்கு எந்தத் திருத்தமும் செய்யப்படுவதில்லை.

நிதிப் பகிர்வில்

இந்தக் கணக்கை நம்பியே பெருந்தொகை கைமாறுகிறது. 15ஆவது நிதிக் குழு, மத்திய வரியைப் பங்கிடும் சூத்திரத்தில் 45 விழுக்காட்டு எடையை வருமான இடைவெளிக்குக் கொடுத்தது. உச்சத்தில் இருந்த மாநிலத்திலிருந்து மற்றவை எவ்வளவு பின்தங்கியுள்ளன என்பதே அந்த இடைவெளி. ஆனால் முதல் இரு இடங்களில் இருந்த கோவாவையும் சிக்கிமையும் அளவுகோலாக வைக்காமல், மூன்றாவதாக இருந்த ஹரியானாவையே குழு எடுத்துக்கொண்டது. முழுச் சூத்திரத்தின்படி தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பங்கு 4.079 விழுக்காடு, பீகாருக்கு 10.058.