லிக்கர்ட் வினாநிரல்: மாணவர் ஈடுபாட்டை அளத்தல்

ஒரு கூற்றைத் தந்து, ‘முற்றிலும் மறுக்கிறேன்’ முதல் ‘முற்றிலும் ஏற்கிறேன்’ வரை ஐந்து விடைகளில் ஒன்றைக் குறிக்கச் சொல்லும் முறை 1932இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அதற்குமுன் தர்ஸ்டன் வகுத்த முறையில், ஒவ்வொரு கூற்றின் எடையையும் நடுவர் குழு ஒன்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். விடைகளுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்துக் கூட்டினாலே போதும், நடுவர்கள் தேவையில்லை என்று லிக்கர்ட் காட்டினார். ஆகவே, தனிக் கூற்றை அன்றிப் பல கூற்றுகளின் கூட்டுத்தொகையையே லிக்கர்ட் அளவுகோல் என்பது சரி.

மாணவர் ஈடுபாட்டை நடத்தை, உணர்வு, சிந்தனை என மூன்றாகப் பிரித்து 2004இல் ஃபிரெட்ரிக்ஸ், புளுமென்ஃபெல்ட், பாரிஸ் மூவரும் எழுதிய கட்டுரை பின்வந்த வினாநிரல்கள் பலவற்றுக்கு அடித்தளமானது.

பினாங்கின் தாசேக் கெலுகோரில் ஓர் ஆசிரியை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இப்படியொன்றைத் தயாரிப்பதாகக் கொள்வோம். ‘பாடத்தில் ஈடுபாட்டுடன் பங்கேற்கிறேன்’ என்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் எதையும் கேட்கவில்லை. ‘ஆசிரியர் கேள்வி கேட்டால் கை தூக்குவேன்’ என்றால் அவன் மனத்தில் ஒரு காட்சி எழும். ‘பாடம் எளிதாகவும் சுவையாகவும் இருக்கிறது’ என்பதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கிடக்கின்றன. எளிது, ஆனால் சலிப்பு என்பவன் எங்கே குறிப்பான்? ‘கவனிக்காமல் இருப்பதில்லை’ என்ற இரட்டை எதிர்மறையைப் பெரியவர்களே தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள்.

இத்தகைய பழுதுகள் முன்னோட்டத்தில்தான் வெளிப்படும். முதலில் நான்கைந்து பிள்ளைகளைத் தனித்தனியே அமர்த்தி, கூற்றை வாய்விட்டு வாசிக்கவைத்து, ‘இதை உன் சொல்லில் சொல், ஐயா’ என்று கேட்பதே சிறந்த வழி. அடுத்து முப்பது பேர் அளவில் எழுதிப் பார்க்கலாம். சிறிய பள்ளியென்றால் கெப்பாலா பத்தாஸ் போன்ற பக்கத்து ஊர்ப் பள்ளியை நாடுவது நல்லது. முன்னோட்டத்தில் எழுதியவர்களை முதன்மை ஆய்வில் சேர்க்கக் கூடாது.

நம்பகத்தன்மைக்குப் பெரிதும் பயன்படுவது குரோன்பாக் 1951இல் விளக்கிய ஆல்பா. ஐந்து கூற்றுகள், ஒவ்வொன்றின் பரவற்படி 1.2, மொத்தப் புள்ளியின் பரவற்படி 15 என்று வைத்துக்கொள்வோம். 1.2 ஐந்து முறை 6. 6ஐ 15ஆல் வகுத்தால் 0.4. அதை 1இலிருந்து கழித்து, 5/4ஆல் பெருக்கினால் 0.75. வழக்கமாக 0.7க்கு மேல் இருந்தால் ஏற்பார்கள்.

ஐந்தில் ஒன்று ‘வகுப்பில் தூங்கி வழிகிறேன்’ போன்ற எதிர்க்கூற்றாக இருந்து, அதன் புள்ளியை 6இலிருந்து கழித்துத் திருப்ப மறந்திருந்தால்? கூற்றுகள் ஒன்றோடொன்று ஒரே அளவில் இணைந்திருந்தால், மொத்தப் பரவற்படி 7.8 ஆகச் சுருங்கி, ஆல்பா 0.29க்கு விழும். அந்தக் கூற்றுக்கும் மற்றவற்றின் கூட்டுக்கும் உள்ள ஒட்டுறவு எதிர்க்குறியோடு வந்து தவற்றைக் காட்டிக்கொடுக்கும். கூற்றை நீக்குமுன் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒரே கூற்றை ஐந்து விதமாக மாற்றி எழுதினாலும் ஆல்பா 0.9ஐத் தாண்டிவிடலாம். கை தூக்குவதை மட்டும் ஐந்து முறை கேட்ட வினாநிரல், வாய் திறக்காமல் ஆழ்ந்து சிந்திக்கும் பிள்ளையை ஈடுபாடற்றவனாகவே கணக்கிடும்.