மூன்றாம் நபர் காப்பீடும் முழுமையான காப்பீடும்: விபத்துக்குப் பின் யாருக்கு, எவ்வளவு கிடைக்கும்?

புது தில்லி: சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு இருக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆவது பிரிவில் கூறுகிறது. காப்பீடு இன்றி வாகனம் ஓட்டிப் பிடிபட்டால் முதன்முறை ரூ.2,000 அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மறுமுறை பிடிபட்டால் அபராதம் ரூ.4,000. வாகன உரிமையாளர்கள் பலரும் அறிந்தது இவ்வளவே. தம்மிடம் இருக்கும் பாலிசி விபத்துக்குப் பின் யாருடைய இழப்பை ஏற்கும், யாருடையதைக் கைவிடும் என்பது பெரும்பாலும் பணிமனையின் மதிப்பீட்டுத் தாள் கைக்கு வந்த பிறகே அவர்களுக்குத் தெரிகிறது.

காப்பீட்டு ஒப்பந்தத்தில் முதல் நபர் வாகன உரிமையாளர். இரண்டாம் நபர் காப்பீட்டு நிறுவனம். இவ்விருவரையும் சாராத, அந்த வாகனத்தால் பாதிக்கப்பட்டவரே மூன்றாம் நபர். மூன்றாம் நபர் காப்பீடு முழுவதும் அவருக்காகவே வகுக்கப்பட்டது. உரிமையாளரின் வாகனத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் கிடைக்காது. முழுமையான காப்பீடு என்பது இந்த மூன்றாம் நபர் பொறுப்புடன் சொந்த வாகனச் சேதத்தையும் சேர்த்தது. மோதல், தீ, திருட்டு, வெள்ளம், புயல், கலவரம் ஆகியவற்றால் ஏற்படும் இழப்பு இதில் அடங்கும். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கான கட்டணத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில், 1,000 முதல் 1,500 சிசி வரை திறன் கொண்ட தனியார் காருக்கு ஆண்டுக் கட்டணம் ரூ.3,416, வரி தனி. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் இத்தொகை மாறாது. சொந்தச் சேதப் பகுதிக்கான கட்டணம்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

இந்த வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்க்கலாம். நாக்பூரில் ஒருவர் தமது 1,200 சிசி காரை ஓட்டிச் செல்கிறார். அருகில் நண்பர் அமர்ந்திருக்கிறார். கார் வாங்கி மூன்று ஆண்டு நான்கு மாதம் ஆகிறது. திருப்பத்தில் கட்டுப்பாட்டை இழந்த கார் ஸ்கூட்டர் ஒன்றில் மோதி, பிறகு ஒரு வீட்டின் சுற்றுச்சுவரை இடித்து நிற்கிறது. ஸ்கூட்டரில் வந்தவருக்குக் கால் முறிகிறது. நண்பரின் தோள்பட்டையிலும் ஓட்டியவரின் கையிலும் எலும்பு முறிவு. சுவரைச் சரிசெய்ய ரூ.40,000 ஆகும். காரின் பழுதுக்கு ரூ.80,000 ஆகும் என்கிறது பணிமனை.

ஸ்கூட்டரில் வந்தவரைப் பொறுத்தவரை இரு பாலிசிகளுக்கும் வேறுபாடு இல்லை. உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் மூன்றாம் நபருக்கு அளிக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்த வேண்டும். காயமடைந்தவருக்கு இரு வழிகள் உள்ளன. 164-ஆவது பிரிவின்படி, யார் மீது தவறு என்பதை நிறுவாமலேயே கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சமும், உயிரிழப்பு என்றால் ரூ.5 லட்சமும் பெறலாம். 166-ஆவது பிரிவின்படி ஓட்டுநரின் கவனக்குறைவை நிறுவி, மருத்துவச் செலவு, வருமான இழப்பு, ஊனத்தின் அளவு ஆகியவற்றுக்கேற்பக் கூடுதலாகக் கோரலாம். 2022 ஏப்ரல் 1 முதல், 166-ஆவது பிரிவின் கீழான மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்ற வரையறை நடைமுறைக்கு வந்துள்ளது. மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் அலைவதிலேயே அந்த ஆறு மாதம் கரைந்துவிடக்கூடும் என்பதால், பாதிக்கப்பட்டோர் இதை முதலிலேயே அறிந்திருப்பது நல்லது.

சுவர் இடிந்ததும் மூன்றாம் நபரின் சொத்து இழப்பே. தனியார் காருக்கான பாலிசியில் இதற்கான வரம்பு பொதுவாக ரூ.7.5 லட்சம், இரு சக்கர வாகனத்துக்கு ரூ.1 லட்சம். ஆகவே ரூ.40,000 இரு பாலிசிகளிலும் அடங்கும். ஆனால், வீட்டு உரிமையாளரிடம் 'தவறு என்னுடையது, முழுத் தொகையையும் தருகிறேன்' என்று கார் உரிமையாளர் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டால் சிக்கல் எழும். நிறுவனத்தின் ஒப்புதலின்றிப் பொறுப்பை ஏற்கவோ பேசி முடிக்கவோ கூடாது என்பது பாலிசியின் நிபந்தனைகளுள் ஒன்று.

அருகில் அமர்ந்திருந்த நண்பரின் நிலையோ வேறு. காரில் கட்டணமின்றிப் பயணிப்பவரும் மூன்றாம் நபர்தானே என்று எண்ணத் தோன்றும். சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்சப் பாதுகாப்பு, தனியார் காரில் பயணிப்பவருக்கோ இரு சக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவருக்கோ பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் கூறியிருக்கிறது. 2006-இல் திலக் சிங் வழக்கில் வெளியான தீர்ப்பு, பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர் பற்றியதே. முழுமையான பாலிசியில் நிலை மாறுகிறது. அதன் வாசகத்திலேயே 'வாகனத்தில் பயணிப்போர் உள்பட' என்று சேர்க்கப்பட்டுள்ளது. இப்பாலிசி பயணிப்போரையும் பின்னிருக்கையில் அமர்வோரையும் உள்ளடக்கும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கை வாயிலாகத் தெளிவுபடுத்தியது. 2012 நவம்பரில் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. எனவே, கார் உரிமையாளரிடம் முழுமையான பாலிசி இருந்தால் நண்பரின் இழப்பீட்டை நிறுவனம் தரும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்து, பயணிகளுக்கெனத் தனிக் கட்டணம் செலுத்தப்படாமலும் இருந்தால், தீர்ப்பாயம் விதிக்கும் தொகை உரிமையாளரின் தலையில் விழக்கூடும். இரு பாலிசிகளையும் ஒப்பிடும்போது வாகனப் பழுதைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. பெருந்தொகை இழப்புக்கு வழிவகுப்பது இந்த வேறுபாடுதான்.

இனி கார். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் ரூ.80,000 முழுவதும் உரிமையாளரின் செலவு. முழுமையான பாலிசி இருந்தாலும் முழுத் தொகையும் கிடைத்துவிடாது. பழைய பாகத்துக்குப் பதில் புதிய பாகம் பொருத்தப்படுவதால், தேய்மானம் கழிக்கப்படும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு வாகனத்தின் வயது எதுவாயினும் 50 சதவீதம் கழிவு. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்துக் கழிவு கூடும். மூன்று முதல் நான்கு ஆண்டு வரையிலான வாகனத்துக்கு 25 சதவீதம்.

இந்தக் காரின் மதிப்பீட்டில் வரி நீங்கலாக பம்பர் முதலான பிளாஸ்டிக் பாகங்கள் ரூ.20,000, பானட் உள்ளிட்ட உலோகப் பாகங்கள் ரூ.30,000, முன்கண்ணாடி ரூ.8,000, பெயின்ட் ரூ.12,000, கூலி ரூ.10,000 எனக் கொள்வோம். பிளாஸ்டிக்கில் ரூ.10,000, உலோகத்தில் ரூ.7,500 கழியும். பெயின்ட் செலவில் பொருளின் விலை தனியாகக் காட்டப்படாவிட்டால், மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கு பொருளுக்கானது என்று கொண்டு அதில் பாதி கழிக்கப்படும், அது ரூ.1,500. 1,500 சிசி வரையிலான காருக்கு உரிமையாளர் கட்டாயமாக ஏற்க வேண்டிய ரூ.1,000-ஐயும் சேர்த்தால் கழிவு ரூ.20,000. நிறுவனம் தருவது ரூ.60,000. தேய்மானக் கழிவு இல்லாத கூடுதல் பாதுகாப்பை, பேச்சு வழக்கில் 'ஜீரோ டெப்' எனப்படுவதை, வாங்கியிருந்தால் உரிமையாளரின் பங்கு பெரும்பாலும் அந்த ரூ.1,000 அளவிலேயே நிற்கும்.

சேதம் இதைவிடக் கடுமையானது என்றால் கணக்கு வேறு. பாலிசியில் குறிக்கப்பட்ட காப்பீட்டு மதிப்பே (ஐடிவி) உச்சவரம்பு. இந்த வயதுடைய காருக்கு அது நிறுவன விற்பனை விலையில் 40 சதவீதம் குறைத்துக் கணக்கிடப்படுகிறது. விற்பனை விலை ரூ.8 லட்சம் என்றால் மதிப்பு ரூ.4.8 லட்சம். பழுதுச் செலவு இதில் 75 சதவீதத்தை, அதாவது ரூ.3.6 லட்சத்தைத் தாண்டினால், வாகனம் முழு இழப்பாகக் கருதப்பட்டு மதிப்புத் தொகை தீர்வு செய்யப்படும். கட்டணம் குறையட்டும் என்று ஐடிவி-யைக் குறைத்துப் போட்டவர்கள் அதன் விலையை இங்கேதான் கொடுக்கிறார்கள்.

சிறு பழுதுகளுக்குக் கோரிக்கை எழுப்புவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்குச் சொந்தச் சேதக் கட்டணத்தில் தரப்படும் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என உயரும். எடுத்துக்காட்டில் உள்ளவர் மூன்று ஆண்டுகள் கோரிக்கை எழுப்பாததால் 35 சதவீதத் தள்ளுபடி பெற்று வருகிறார். அடுத்த புதுப்பிப்பில் 45 சதவீதம் கிடைத்திருக்கும். சொந்தச் சேதக் கட்டணம் ரூ.10,000 என்றால், இந்தக் கோரிக்கையால் அடுத்த ஆண்டு மட்டும் அவர் இழப்பது ரூ.4,500. ரூ.60,000-க்கு அது ஏற்கத்தக்கதே, ரூ.4,000 தேறும் கீறலுக்கு அன்று. மூன்றாம் நபர் எழுப்பும் கோரிக்கையால் மட்டும் இந்தத் தள்ளுபடி பறிபோவதில்லை.

காரை ஓட்டிய உரிமையாளரின் கை முறிவுக்கு எந்தப் பாலிசியிலும் மருத்துவச் செலவு கிடைக்காது. அவருக்கென உள்ள ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துப் பாதுகாப்பு, உயிரிழப்பு, நிரந்தர முழு ஊனம், கை, கால், கண் இழப்பு ஆகியவற்றுக்கே பொருந்தும். மருத்துவக் காப்பீடு இருந்தால் அதை நாடலாம். சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு ஏழு நாள் வரை ரூ.1.5 லட்சம் வரம்பில் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்க, 2025 மே மாதம் மத்திய அரசு அறிவிக்கை செய்த திட்டமும் அவருக்கு உதவும்.

புதிய வாகனம் வாங்கியோரிடம் ஒரு தவறான எண்ணம் பரவலாகக் காணப்படுகிறது. உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்று ஆண்டும், இரு சக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டும் மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே வழங்கப்படுகிறது. சொந்தச் சேதப் பாதுகாப்போ பெரும்பாலும் முதல் ஆண்டுக்கு மட்டுமே. 'ஐந்து ஆண்டு இன்சூரன்ஸ் இருக்கிறது' என்று நம்பியிருப்பவரின் இரு சக்கர வாகனம் இரண்டாம் ஆண்டில் திருடுபோனால் எதுவும் கிடைக்காது. பாலிசியின் முதல் பக்கத்தில் இரு பகுதிகளுக்கும் தனித்தனியே முடிவுத் தேதி அச்சிடப்பட்டிருக்கும். அவை வேறுபட்டால், முன்னதாக முடிவதைத் தனியே புதுப்பிக்க வேண்டும். முடிந்து 90 நாள் கடந்தால், சேர்த்து வைத்த தள்ளுபடியும் போய்விடும்.

உரிய ஓட்டுநர் உரிமம் இல்லாதவர் ஓட்டியிருந்தால் இரு பகுதிகளும் இருவிதமாக இயங்கும். சொந்தச் சேதக் கோரிக்கையை நிறுவனம் நிராகரிக்கலாம். மூன்றாம் நபருக்கோ முதலில் இழப்பீட்டைச் செலுத்திவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு நிறுவனத்துக்குத் தீர்ப்பாயங்கள் உத்தரவிடுகின்றன. 2004-இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழிவகுத்தது. மகனிடம் சாவியைக் கொடுத்த தந்தைக்கு, பாதிக்கப்பட்டவர் பணம் பெற்ற பின்னரும் நிறுவனத்தின் நோட்டீஸ் வருவது இதனால்தான்.

விபத்து நடந்தவுடன் வாகனத்தின் நிலையையும் எதிர் வாகனத்தின் எண்ணையும் படமெடுத்து, நிறுவனத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். யாருக்கேனும் காயம் என்றால் காவல்துறையில் புகார் பதிவாவது அவசியம். பழுது மதிப்பு ரூ.50,000 அல்லது அதற்கு மேல் என்றால் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் வாகனத்தைப் பார்வையிடுவார். அவர் வருமுன் பணிமனையில் பாகங்களைக் கழற்றத் தொடங்கிவிட்டால், எந்தச் சேதம் இந்த விபத்தில் நேர்ந்தது, எது பழையது என்ற கேள்வி எழும். கோரிக்கைத் தொகையில் வெட்டு விழுவதற்கு அதுவே போதும்.