கொங்கு நாட்டு வழக்கில் ஆறாம் வேற்றுமை

உடையவரையும் உடைமையையும் இணைத்துச் சொல்வது ஆறாம் வேற்றுமை. இதனைக் கிழமை வேற்றுமை என்றும் கூறுவர். 'எனது தோட்டம்' என்பதில் 'அது' உருபு. 'என் தோட்டம்' என்பதில் உருபு இல்லை. ஆயினும் பொருள் மாறவில்லை. உருபு இவ்வாறு மறைந்து நிற்பதை 'தொக்கு நிற்றல்' என்றும், அத்தகைய தொடரை 'ஆறாம் வேற்றுமைத் தொகை' என்றும் இலக்கணம் குறிப்பிடும்.

உருபு மறையலாம் என்பதால் எதையும் விட்டுவிடலாம் என்று கருதக் கூடாது. 'நான் தோட்டம்' என்றோ 'மரம் கிளை' என்றோ யாரும் சொல்வதில்லை. 'நான்' என்பது 'என்' என்றும், 'மரம்' என்பது 'மரத்து' என்றும் திரிந்தாக வேண்டும். விடக் கூடியது உருபு. விடக் கூடாதது இந்தத் திரிபு. கொங்கு நாட்டின் கல்வெட்டு, இலக்கணம், ஊர்ப்பெயர், பேச்சு ஆகிய நான்கிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம்.

புகளூர்க் கல்வெட்டு

கரூர் மாவட்டம் புகளூருக்கு அருகில் ஆறுநாட்டார் மலை உள்ளது. அங்குச் சமண முனிவர் தங்கிய குகைத்தளத்தில், கி.பி. 2ஆம் நூற்றாண்டளவைச் சேர்ந்த தமிழ் பிராமி எழுத்துக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. செங்காயபன் என்னும் முதிய துறவிக்கு, சேரர் குடியைச் சேர்ந்த இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது கல் அறுத்துக் கொடுத்த செய்தியை அது கூறுகிறது.

அதில் அரச குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோன். அவன் மகன் இளங்கடுங்கோ. இன்று நாம் இவ்வாறு 'இன்' சேர்த்து எழுதினாலும், கல்லில் தந்தை பெயரை அடுத்து நேராக 'மகன்' என்ற சொல் வருகிறது. இடையில் 'அது' இல்லை, 'இன்' இல்லை, 'உடைய' இல்லை. ஆயினும் யாருக்கு யார் மகன் என்பதில் குழப்பம் எழவில்லை. 'மகன்' என்னும் முறைப்பெயரே 'யாருக்கு?' என்ற கேள்வியைத் தன்னுள் கொண்டிருப்பதால் உருபு தேவைப்படவில்லை. சேர மன்னர்களின் வரிசையை அறிய ஆய்வாளர்களுக்கு இக்கல்வெட்டு பெருந்துணையாக இருந்தது.

அத்துறவியின் ஊர் 'யாற்றூர்' என்று அதே கல்வெட்டில் வருகிறது. யாறு, ஊர் என்னும் இரு சொற்கள் சேரும்போது 'யாறு' என்பது 'யாற்று' எனத் திரிந்துள்ளது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே உருபு மறைந்து நிற்பதையும் பெயர் திரிவதையும் ஒரே கல்லில் பார்க்க முடிகிறது.

கொடுமணல் ஓடுகள்

உருபு இல்லாததால் ஐயம் எழும் இடமும் கொங்கு நாட்டிலேயே உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றின் கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில், தமிழ் பிராமி எழுத்தில் ஆட்பெயர் கீறிய பானை ஓடுகள் பல கிடைத்தன. அவற்றுள் ஒன்று 'கண்ணன் ஆதன்' என்பது.

இதற்கு மூன்று வகையாகப் பொருள் கொள்ள இடமுண்டு. கண்ணனுக்கு மகனாகிய ஆதன் என்பது ஒன்று. கண்ணன் ஆகிய ஆதன், அதாவது ஒருவனுக்கே உரிய இரு பெயர்கள் என்பது மற்றொன்று. கண்ணன், ஆதன் என்னும் இருவர் என்பது இன்னொன்று. முதலாவது முறையுறவைக் காட்டுவது, இரண்டாவது இருபெயரொட்டு, மூன்றாவது உம்மைத்தொகை. எழுத்தில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். தந்தை பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் வைப்பது தமிழர் வழக்கம் என்பதால் முதற்பொருள் பொருத்தமாகத் தோன்றுகிறது. இன்று தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக எழுதுவதும் அவ்வழக்கமே. ஆனால் இம்முடிவுக்கு வழக்கம்தான் துணை. சொல்லில் சான்று இல்லை.

நிலப்பத்திரங்களில் எல்லை குறிக்கும்போதும் இதே சிக்கல் வரும். 'கண்ணன் வேலன் தோட்டத்துக்குக் கிழக்கு' என்று எழுதினால் தோட்டம் ஒருவருடையதா, இருவருடையதா என்ற வழக்கு எழலாம். 'கண்ணன் மகன் வேலன் தோட்டம்' என்று ஒரு முறைப்பெயரைச் சேர்த்துவிட்டால் ஐயம் தீர்கிறது. பத்திரங்களில் 'த/பெ' என்று தந்தை பெயரைத் தனியே குறிப்பதும் இதே தெளிவைத் தருகிறது.

நன்னூல் கூறுவது

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவர். சீயகங்கன் என்னும் சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் அந்நூலை எழுதினார். அவருடைய ஊராகிய சனகை என்பது பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் என்பது கொங்கு ஆய்வாளர் பலரின் கருத்து.

தொல்காப்பியம் ஆறாம் வேற்றுமைக்கு 'அது' என்னும் ஓர் உருபையே கூறும். நன்னூல் 'அது', 'ஆது', 'அ' என மூன்று கூறும். முதல் இரண்டும் ஒருமைக்கு உரியவை; 'அ' பன்மைக்கு உரியது. இங்கு ஒருமை, பன்மை என்பது உடையவரின் எண்ணிக்கை அன்று, உடைமையின் எண்ணிக்கை. தோட்டம் ஒன்றாயின் 'எனது தோட்டம்'. பலவாயின் 'என தோட்டங்கள்'. இன்று இந்தப் பன்மை உருபு எழுத்து வழக்கில் இல்லை. 'எனது தோட்டங்கள்' என்றே எழுதுகிறோம்.

'அது' என்பது அஃறிணை ஒருமையைக் காட்டுவதால், உடைமை உயர்திணையாயின் அவ்வுருபு பொருந்தாது என்பது மரபு. 'எனது மகன்' என்பது இலக்கணப்படி வழு. 'என் மகன்' என்பதே முறை. தொல்காப்பியம் இத்தொகையை விரிக்கும்போது நான்காம் வேற்றுமையின் 'கு' வரும் என்று கூறுகிறது. அதாவது 'எனக்கு மகன்'. மக்களைச் சுட்டும்போது உருபை விடுவது சுருக்கத்துக்காக மட்டும் அன்று, அதுவே மரபும் ஆகும். இக்காலத்தில் திருமண அழைப்பிதழ்களில் 'எனது மகன்' என அச்சிடுவது பெருகிவிட்டது. 'உடைய' என்னும் சொல்லுருபுக்கு இத்தடை இல்லை.

'மரத்தின் கிளை' என்பதில் வரும் 'இன்' உருபு அன்று, அது சாரியை. மரம் + அத்து + இன் + கிளை என்று பிரித்தால், இரு சாரியைகள் நிற்க 'அது' மறைந்திருப்பது தெரியும். 'இன்' ஐந்தாம் வேற்றுமையில் உருபாகவும் வருவதால் மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. 'கோவையின் கிழக்கே சூலூர்' என்பதில் 'இன்' எல்லையைக் காட்டும் ஐந்தாம் வேற்றுமை உருபு. 'கோவையின் குளங்கள்' என்பதில் அது சாரியை. தொடர் ஆறாம் வேற்றுமை. 'உடைய' என்று மாற்றிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 'கோவையுடைய குளங்கள்' என்று சொல்லலாம். 'கோவையுடைய கிழக்கே' என்று சொல்ல இயலாது.

ஊர்ப்பெயர்கள்

கோவை வட்டாரத்து ஊர்ப்பெயர்களில் உருபு வெளிப்படுவதில்லை. மேட்டுப்பாளையம் என்பதில் 'மேடு' என்பது 'மேட்டு' எனத் திரிந்துள்ளது. காட்டூரில் 'காடு' என்பது 'காட்டு' ஆயிற்று. குளத்துப்பாளையத்தில் 'குளம்' என்பது 'அத்துச்' சாரியை பெற்றது. கோவை நகரின் ஆத்துப்பாலத்தில், ஆற்று என்பது பேச்சில் 'ஆத்து' ஆகியுள்ளது. டு, று என முடியும் இத்தகைய சொற்கள் ஒற்று இரட்டிப்பதும், 'அம்' என முடிபவை 'அத்து' பெறுவதும் நன்னூல் கூறும் விதிகளே.

ஆட்பெயரால் அமைந்த ஊர்கள் வேறு வகை. 'அன்' என முடியும் பெயர்கள் திரிவதில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் 'நாயக்கன்' அப்படியே நிற்கிறது. கவுண்டம்பாளையத்தில் 'கவுண்டன்' என்பதன் னகரம், அடுத்து வரும் பகரத்தின் சேர்க்கையால் மகரமாக ஒலிக்கிறது. இது வேற்றுமைத் திரிபு அன்று. ஒலி மாற்றம் மட்டுமே.

கோயம்புத்தூரையும் இவ்வாறே விளக்குவர். கோவன் என்னும் தலைவனின் புத்தூர் 'கோவன்புத்தூர்' என வழங்கி, பின் கோயம்புத்தூர் ஆயிற்று என்பது பரவலான கருத்து. கோனியம்மன் பெயரோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. உருபு தொடக்கத்திலேயே இல்லாததால், முன் நிற்பது உடையவரின் பெயர் என்பதற்குச் சொல்லில் அடையாளம் இல்லை. ஒலியும் மாறிவிட்ட பிறகு பெயர்க்காரணம் விவாதத்துக்கு உரியதாகிவிட்டது.

இரு பெயர்ச்சொற்கள் சேர்ந்தாலே ஆறாம் வேற்றுமை ஆகிவிடாது. 'நொய்யல் கரை' என்பது நொய்யலினது கரை. ஆறாம் வேற்றுமைத் தொகை. 'நொய்யல் ஆறு' என்பது நொய்யல் ஆகிய ஆறு, இருபெயரொட்டு. ஆனைமலை ஆனைகளுக்கு உடைமையான மலை அன்று; ஆனைகள் மிகுந்த மலை என்று விரிப்பதே பொருந்தும்.

உருபோ சாரியையோ வேண்டும் இடங்கள்

உடைமைப் பெயர் வராத இடத்தில் உருபை விட முடியாது. 'இந்தத் தோட்டம் என்' என்று தொடரை முடிக்க இயலாது. 'என்னுடையது' என்றோ 'எனது' என்றோ முடிக்க வேண்டும்.

உடையவருக்கும் உடைமைக்கும் இடையில் அடைமொழி வரும்போது, திரியாத பெயர்களுக்குத் துணை தேவை. 'பழனிச்சாமி தோட்டம்' என்பது சரி. 'பழனிச்சாமி பழைய தோட்டம்' என்பது தொடராகவில்லை. 'பழனிச்சாமியின் பழைய தோட்டம்' எனல் வேண்டும். 'என் பழைய தோட்டம்' என்பதற்கு இத்துணை வேண்டியதில்லை. 'நான்' முன்பே 'என்' எனத் திரிந்து உறவைக் காட்டிவிடுகிறது.

சில இடங்களில் இரண்டு வடிவமும் சரியானவை. ஆனால் பொருள் வேறு. 'மாட்டுக் கொம்பு' என்பது கொம்பின் வகையைச் சொல்கிறது. 'மாட்டின் கொம்பு ஒடிந்தது' என்றால் குறித்த ஒரு மாடு நினைவுக்கு வருகிறது. 'ஆற்று மணல்' விற்பனைப் பொருள். 'ஆற்றின் மணல்' அந்த ஆற்றில் கிடப்பது.

பேச்சு வழக்கு

கொங்குப் பேச்சில் 'என்னுடைய', 'உன்னுடைய' என்பவற்றுக்கு 'என்ற', 'உன்ற' என்னும் வடிவங்கள் உள்ளன. 'என்ற தோட்டம்', 'உன்ற பேரு' என்பர். யாழ்ப்பாணத்துப் பேச்சின் 'என்ர', மலையாளத்தின் 'என்றெ' ஆகியவை இவற்றோடு நெருங்கியவை. தமிழகத்தின் பிற பகுதிகளில் பெருவழக்காக உள்ள 'என்னோட' என்பதிலிருந்து கொங்குப் பேச்சைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களுள் இது ஒன்று.

குடும்பத்துக்குப் பொதுவானவற்றை 'எங்க' என்று பன்மையில் கூறுவது வழக்கம். 'எங்க ஊடு', 'எங்க அப்பாரு' என்பவற்றில் ஈறு ஏதும் சேர்வதில்லை. ஊடு என்பது வீடு. அப்பாரு என்பது தந்தையின் தந்தை. வீடு 'ஊடு' ஆனபோதும் திரிபு மாறவில்லை. 'ஊட்டுக் கதவு' என்றே சொல்வர். தோட்டத்தில் உள்ள குடியிருப்பைத் 'தோட்டத்துச் சாளை' என்பர். 'தோட்டம் சாளை' என்பதில்லை.

'என்ற' என்னும் கொங்கு வடிவம், எழுத்து வழக்கில் 'என்று சொல்லப்பட்ட' என்னும் பொருளுடைய 'என்ற' என்பதோடு எழுத்தால் ஒத்திருக்கிறது. கதைகளில் இவ்வட்டார உரையாடலைப் படிக்கும் பிற பகுதியினர் இதனால் தடுமாறக்கூடும். முன்னால் ஒரு பெயர் நிற்பதா என்று பார்த்தால் போதும். 'சூலூர் என்ற ஊர்' என்பதில் 'என்ற' சூலூரைத் தொடர்ந்து வருகிறது. 'என்ற ஊரு சூலூருங்க' என்பதில் அதற்கு முன் எதுவும் இல்லை. அது 'என்னுடைய ஊர்' என்று பொருள்படும்.